15,120 பாயிண்ட் சேர்த்த ஜமுனாமரத்தூர் தம்பிக்கு லாபமா, நஷ்டமா?

போன மே மாசம் குடும்பத்தோட ஜவ்வாது மலைக்குப் போயிருந்தோம். போளூர்ல இருந்து மலைப்பாதை ஏறி, பீமன் அருவி பார்த்துட்டு, ஜமுனாமரத்தூர்ல ஒரு டீக்கடையில நின்னோம். பக்கத்துல நின்ன ஒரு தம்பி, "அண்ணா, நீங்க அந்த சேனல் ஆடிட்டர்தானே?"ன்னு கேட்டார். அங்கேயே பக்கத்துல ஒரு பள்ளியில ஆசிரியர் வேலை. சொந்த ஊர் போளூர். கையில வரும் சம்பளம் மாசம் 42,000 ரூபாய்.

அவர் கேட்ட கேள்வி இதுதான்: "அண்ணா, என் கிரெடிட் கார்டுல 15,120 ரிவார்டு பாயிண்ட் இருக்கு. இத வெச்சு கோவா போயிட்டு வந்துடலாமா?"

நான் சிரிக்கல. ஏன்னா இதே கேள்வியை சென்னையில ஐ.டி. கம்பெனியில வேலை பார்க்கிறவங்களும் என்கிட்ட கேட்கிறாங்க. 15,120 என்கிற எண்ணைப் பார்த்ததும் நம்ம மனசு அதுக்கு முன்னாடி தானா ஒரு ரூபாய் குறியைப் போட்டுக்கும். அங்கதான் கணக்கு தப்பாகுது.

அவர் போன்லயே ரெண்டு வருஷ ஸ்டேட்மென்ட் இருந்தது. அடுத்த மாசம் மூணாவது வருஷ ஆண்டுக் கட்டணம் பில்லுல வரப்போகுது. அதனால டீ ஆறுறதுக்குள்ள ஒரு முடிவுக்கு வரணும்னு ரெண்டு பேரும் பெஞ்சுல உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அவர் அனுமதியோட, பேரை மட்டும் விட்டுட்டு, அந்தக் கணக்கை அப்படியே தர்றேன். உங்க கார்டுக்கும் இதே வழியில போட்டுப் பாருங்க.

முதல் கேள்வி: ஒரு பாயிண்ட் எத்தனை பைசா?

தம்பி வெச்சிருந்தது எஸ்.பி.ஐ. கார்டு பிரைம். நிறைய பேர்கிட்ட இருக்கிற கார்டு, விதிகளும் அவங்க வெப்சைட்லயே இருக்கு. அதனால உதாரணத்துக்கு வசதி. ஆண்டுக் கட்டணம் 2,999 ரூபாய். ஹோட்டல், மளிகை, டிபார்ட்மென்டல் ஸ்டோர், சினிமா இந்த நாலுக்கும் 100 ரூபாய்க்கு 10 பாயிண்ட். மத்த சாதாரணச் செலவுக்கு 100 ரூபாய்க்கு 2 பாயிண்ட்.

முக்கியமான வரி இதுக்கு அடுத்து வருது: 4 பாயிண்ட் சேர்ந்தாத்தான் 1 ரூபாய். அதாவது ஒரு பாயிண்ட் 25 பைசா.

இப்ப பாருங்க. 100 ரூபாய்க்கு 10 பாயிண்ட்னா 2 ரூபாய் 50 பைசா, அதாவது 2.5 சதவீதம். 100 ரூபாய்க்கு 2 பாயிண்ட்னா 50 பைசா, அதாவது அரை சதவீதம். விளம்பரத்துல "10 மடங்கு பாயிண்ட்"னு படிக்கும்போது 10 சதவீதம் மாதிரி தோணும். பைசாவா மாத்தினாத்தான் நிஜம் தெரியும்.

தம்பியோட 15,120 பாயிண்ட்டை நாலால வகுத்தா 3,780 ரூபாய். கோவா எல்லாம் வேண்டாம், அந்தக் காசுல சென்னைக்குக் குடும்பத்தோட போயிட்டு வரலாம், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம். சில கார்டுகள்ல ஒரே பாயிண்ட்டுக்கு ரெண்டு மூணு விலை இருக்கும். ஹெச்.டி.எஃப்.சி. ரீகாலியா கோல்டு கார்டுல அதே ஒரு பாயிண்ட்டை அவங்க தளத்துல ஃபிளைட் டிக்கெட்டுக்குக் கொடுத்தா 50 பைசா, பில்லுல பணமா கழிச்சுக்கிட்டா 20 பைசா. 10,000 பாயிண்ட் சேர்த்தவர் டிக்கெட் போட்டா 5,000 ரூபாய், பணமா கேட்டா 2,000 ரூபாய். அதனால "பாயிண்ட் மதிப்பு எவ்வளவு?"ன்னு மட்டும் கேட்காதீங்க. "நான் எந்த வழியில இதைச் செலவு பண்ணப் போறேன், அந்த வழியில எவ்வளவு?"ன்னு கேளுங்க. வருஷத்துக்கு ஒரு தடவை கூட ஃபிளைட் ஏறாதவருக்கு அந்த 50 பைசா இல்லவே இல்லை, 20 பைசாதான்.

இரண்டாவது கேள்வி: உங்க செலவுல எவ்வளவு உண்மையிலேயே கார்டுல போகுது?

கார்டு வாங்கும்போது தம்பி போட்ட கணக்கு: "சம்பளம் 42,000. மாசம் 35,000 செலவு ஆகுது. வருஷத்துக்கு நாலு லட்சத்துக்கு மேல. சுலபமா 3 லட்சம் தாண்டிடும், ஃபீ தள்ளுபடி ஆயிடும்." இந்தக் கார்டுல ஒரு வருஷத்துல 3 லட்சம் செலவு பண்ணினா ஆண்டுக் கட்டணத்தைத் திருப்பித் தர்றாங்க. அதனால அந்த நம்பிக்கை.

ஆனா ஸ்டேட்மென்ட்டைப் பிரிச்சுப் பார்த்தா கதை வேற. அவரோட மாசச் செலவு சராசரியா இப்படிப் போகுது.

அம்மா அப்பாவுக்கு அனுப்புறது 12,000. வீட்டு வாடகை 4,000, உரிமையாளருக்கு போன்லயே அனுப்பிடுவார். ஆர்.டி. 5,000. இதெல்லாம் வங்கிக் கணக்குல இருந்து நேரா போகும், கார்டுக்கு வேலை இல்லை.

ஜமுனாமரத்தூர்லயே காய்கறி, டீ, மெஸ் சாப்பாடு, சில்லறைச் சாமான் 6,000. சாமை அரிசியும் தேனும் விக்கிற கடையில ஸ்வைப் மெஷின் எங்க இருக்கப்போகுது? கியூஆர் அட்டைதான். அதையும் வங்கிக் கணக்குல இருந்து ஸ்கேன் பண்றதால பாயிண்ட் பூஜ்யம்.

மீதி இருக்கிறதுதான் கார்டுல போனது:

- பைக் பெட்ரோல், போளூர் பங்க்குல: 3,000
- லீவுல ஊருக்கு வரும்போது சூப்பர் மார்க்கெட்: 4,000
- ஹோட்டல், சினிமா: 1,500
- ஆன்லைன் ஷாப்பிங், ரீசார்ஜ்: 4,000

மொத்தம் 12,500. வருஷத்துக்கு 1,50,000. அவர் நெனச்ச நாலு லட்சத்துல பாதி கூட இல்லை. 3 லட்சம் இலக்குக்குச் சரியா பாதி வழி.

இதுலயும் பெட்ரோலுக்கு ரிவார்டு பாயிண்ட் கிடையாது. "அண்ணா, ஆனா பெட்ரோல்ல ஒரு சதவீதம் சர்சார்ஜ் தள்ளுபடி இருக்கே, மாசம் 30 ரூபாய், அதைச் சேர்க்கணும்ல?"ன்னு கேட்டார். நல்ல கேள்வி, நிறைய பேர் இங்கதான் ஏமாறுறாங்க. அந்த ஒரு சதவீத சர்சார்ஜ், கார்டுல பெட்ரோல் போடுறதாலதான் விழுது. பணமாவோ யு.பி.ஐ.லயோ கொடுத்தா அது இல்லவே இல்லை. கார்டு போட்ட சுமையைக் கார்டே இறக்கி வைக்குது. அதை லாபம்னு எழுத முடியாது.

ஆக, பாயிண்ட் வரும் செலவு மாசத்துக்கு 9,500 மட்டும். சூப்பர் மார்க்கெட், ஹோட்டல், சினிமா 5,500க்கு 550 பாயிண்ட். ஆன்லைன் 4,000க்கு 80 பாயிண்ட். மாசம் 630 பாயிண்ட், வருஷத்துக்கு 7,560. ரூபாயா மாத்தினா 1,890.

ஒரு சின்ன எச்சரிக்கை. ஒரு கடை மளிகைக் கடையா இல்லையான்னு கார்டு கம்பெனி பெயர்ப்பலகையைப் பார்த்து முடிவு பண்றதில்லை. ஸ்வைப் மெஷின் வாங்கும்போது அந்தக் கடைக்கு ஒரு நாலு இலக்க வகை எண் கொடுத்திருப்பாங்க. மளிகை, சூப்பர் மார்க்கெட்டுக்கு 5411, உணவகத்துக்கு 5812. மளிகைக் கடைக்காரர் மெஷின் வேற வகையில பதிவாகியிருந்தா, நீங்க அரிசி பருப்பு வாங்கினாலும் 10 பாயிண்ட்டுக்குப் பதிலா 2 பாயிண்ட்தான் ஏறும். தம்பி போற கடை சரியா பதிவாகியிருந்தது. உங்க கடை எப்படின்னு தெரியணும்னா, ஒரு தடவை வாங்கிட்டு அந்த மாச ஸ்டேட்மென்ட்ல எத்தனை பாயிண்ட் ஏறியிருக்குன்னு பாருங்க. வேற எங்கேயும் கேட்க வேண்டாம்.

மூணாவது கேள்வி: கட்டணம் நிஜமா எவ்வளவு?

"2,999தானே அண்ணா"ன்னார். இல்லை. அதுக்கு மேல 18 சதவீதம் ஜி.எஸ்.டி. இருக்கு. 540 ரூபாய். மொத்தம் 3,539. பிசினஸ் பண்றவங்க சில நேரம் இந்த ஜி.எஸ்.டி.யை இன்புட் கிரெடிட்டா எடுத்துக்கலாம். சம்பளக்காரங்க நமக்கு அந்த வழி இல்லை. கொடுத்தது கொடுத்ததுதான்.

இன்னும் ஒண்ணு. பாயிண்ட்டை ரிடீம் பண்ணும்போது 99 ரூபாய் கட்டணம், அதுக்கும் ஜி.எஸ்.டி. சேர்த்தா 117 ரூபாய். ஒரு தடவைக்கு 117. மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமா எடுத்தீங்கன்னா, வர்ற 157 ரூபாயில 117 அங்கேயே போயிடும். சேர்த்து வெச்சு ஒரே தடவையா எடுக்கணும். ஆனா ரொம்பவும் சேர்த்து வைக்கக் கூடாது, ஏன்னா இந்தப் பாயிண்ட்டுக்கு ஆயுசு 24 மாசம். தம்பியோட முதல் மாசப் பாயிண்ட் காலாவதி ஆகுற நேரம் நெருங்கிடுச்சு. "சேமிப்பு"ன்னு அவர் நெனச்சது வட்டி இல்லாம, தேதி போட்டு அழியுற சேமிப்பு.

இப்ப ஒரு வருஷக் கணக்கை முடிப்போம். வந்த பாயிண்ட் மதிப்பு 1,890. ரிடீம் கட்டணம் 117 போக 1,773. ஆண்டுக் கட்டணம் 3,539. கழிச்சா 1,766 ரூபாய் நஷ்டம்.

திரும்பச் சொல்றேன். ஒழுங்கா பில் கட்டி, ஒரு ரூபாய் வட்டி கூட விழாம, ரெண்டு வருஷம் கவனமா கார்டு பயன்படுத்தின ஒருத்தர், வருஷத்துக்கு 1,766 ரூபாய் கையில இருந்து போட்டிருக்கார்.

வெல்கம் வவுச்சர் எவ்வளவு?

தம்பி விடல. "முதல் வருஷம் 3,000 ரூபாய் வவுச்சர் கொடுத்தாங்களே அண்ணா?" உண்மைதான், கொடுத்தாங்க. சேர்த்துப் பார்ப்போம். ரெண்டு வருஷப் பாயிண்ட் 3,780, வவுச்சர் 3,000, மொத்தம் 6,780. ஒரே தடவை ரிடீம் கட்டணம் 117 போக 6,663. ரெண்டு வருஷக் கட்டணம் 7,078. வவுச்சரை முழுசா சேர்த்தாலும் 415 ரூபாய் நஷ்டம்.

அடுத்து நான் கேட்டேன்: "அந்த வவுச்சர்ல என்ன வாங்குன?" 4,200 ரூபாய்க்கு ஒரு ஷூ. 3,000 வவுச்சர், 1,200 கையில இருந்து. "வவுச்சர் இல்லைன்னா எவ்வளவுக்கு ஷூ வாங்கியிருப்ப?" கொஞ்சம் யோசிச்சுட்டு, "2,700க்கு மேல போயிருக்க மாட்டேன்"னார். 2,700 செலவாக வேண்டிய இடத்துல கையில இருந்து 1,200 செலவாச்சு. அப்போ அந்த வவுச்சரால அவருக்கு மிச்சம் ஆனது 1,500. அட்டையில 3,000னு அச்சடிச்சிருந்தாலும் அவர் வாழ்க்கையில அதோட விலை 1,500தான். அப்படி எழுதினா ரெண்டு வருஷ நஷ்டம் 1,915.

இதை எல்லா "இலவச"த்துக்கும் பொருத்திப் பாருங்க. இதே கார்டுல மூணு மாசத்துல 50,000 செலவு பண்ணினா 1,000 ரூபாய்க்கு பீட்சா ஹட் வவுச்சர் உண்டு. ஜமுனாமரத்தூர்ல பீட்சா ஹட் கிடையாது. தம்பியோட மூணு மாசச் செலவு 37,500. இலக்குக்கு 12,500 குறைவு. "ஒரு தடவை அதுக்காகவே ஒரு டேப்லட் வாங்கிட்டேன் அண்ணா"ன்னு மெதுவா சொன்னார். வவுச்சர் வந்ததான்னு கேட்டேன். வந்தது, கீழ இறங்கிப் போய்ச் சாப்பிட நேரம் கிடைக்காம தேதி முடிஞ்சிடுச்சாம். உங்களால பயன்படுத்த முடியாத பலனுக்குக் கணக்குல பூஜ்யம் போடுங்க. ஏர்போர்ட் லவுஞ்சும் அப்படித்தான். நீங்க வருஷத்துக்கு எத்தனை தடவை ஏர்போர்ட் போறீங்க?

"அப்ப 3 லட்சம் செலவு பண்ணிட்டா சரியாயிடுமா?"

எல்லாரும் வந்து நிக்கிற இடம் இதுதான். கட்டணத்தைத் தப்பிக்கச் செலவை ஏத்துறது.

தம்பிக்கு இன்னும் 1,50,000 செலவு தேவை. அவர் பிளான்: ஒரு டி.வி., ஒரு போன், வீட்டுக்கு வாஷிங் மெஷின், எல்லாம் ஆன்லைன்ல. கிடைக்கிறது என்ன? கட்டணம் 2,999 திரும்ப வரும். 1,50,000க்கு 100 ரூபாய்க்கு 2 பாயிண்ட் வீதம் 3,000 பாயிண்ட், அதாவது 750 ரூபாய். ஆக மொத்தம் 3,749. இதுக்காக ஒன்றரை லட்சம் வெளியே போகுது. அந்த மூணு பொருள்ல பத்துல ஒரு பங்கு தேவையில்லாததா இருந்தாலே 15,000 வீண். 3,749ஐப் பிடிக்க 15,000 விட்டதா ஆகும்.

அந்தப் பொருள்கள் எப்படியும் வாங்கப் போறீங்க, பணமும் கையில ரெடியா இருக்குன்னா அது வேற விஷயம். அப்ப கார்டுல போடலாம். ஆனா மூணு விஷயம் பார்த்துக்கோங்க. ஒண்ணு, "ஒரு வருஷம்"னா ஜனவரி முதல் டிசம்பர் இல்லை, உங்க கார்டு வாங்கின தேதியில இருந்து எண்ணுற வருஷம். ரெண்டு, எல்லாச் செலவும் அந்த இலக்குல சேராது. வாடகை, வாலட்டுல பணம் ஏத்துறது மாதிரியான செலவுகளை நிறைய கார்டுகள் விலக்கி வெச்சிருக்கு. விதிகள்ல விலக்குப் பட்டியலைப் படிங்க. மூணு, இ.எம்.ஐ.யா மாத்தினா பாயிண்ட் போயிடுற கார்டுகளும் உண்டு.

இப்ப ஒரு சுவாரஸ்யமான எண் சொல்றேன். கட்டணத் தள்ளுபடியை மறந்துட்டு, தம்பியோட செலவுப் பழக்கம் இப்படியே இருந்தா, பாயிண்ட்டாலேயே கட்டணத்தை ஈடுகட்ட வருஷத்துக்கு எவ்வளவு செலவு பண்ணணும்? 1,50,000 செலவுக்கு 1,890 ரூபாய் வருது. அதாவது 1.26 சதவீதம். ஈடுகட்ட வேண்டியது 3,539 கூட்டல் 117, மொத்தம் 3,656. இதை 1.26 சதவீதத்தால வகுத்தா கிட்டத்தட்ட 2,90,000 ரூபாய். முதல் 2,90,000 வரைக்கும் அவர் சம்பாதிக்கிறது எல்லாமே கட்டணத்தைத் திருப்பி எடுக்கத்தான். அதுக்கு மேலதான் லாபமே ஆரம்பம்.

முழுச் செலவும் 2.5 சதவீத வகையில இருந்தா இந்த எல்லை 1,46,000 கிட்ட வந்து நிக்கும். முழுச் செலவும் அரை சதவீத வகையில இருந்தா 7,31,000க்கு ஏறிடும். கார்டு ஒண்ணுதான், கட்டணம் ஒண்ணுதான். எல்லையை மாத்துறது உங்க செலவுப் பழக்கம்.

அப்ப இது மோசமான கார்டா?

இல்லை. அதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புறேன். சென்னையில ரெண்டு பேரும் வேலைக்குப் போற ஒரு குடும்பத்தை எடுத்துக்கோங்க. மாசம் சூப்பர் மார்க்கெட், ஹோட்டல், சினிமா சேர்த்து 15,000. மத்த செலவு 10,000. வருஷத்துக்குச் சரியா 3 லட்சம். முதல் வகையில 4,500 ரூபாய், ரெண்டாவதுல 600, மொத்தம் 5,100. மூணு லட்சம் தொட்டதால கட்டணமும் திரும்பும். எப்படிக் கழிச்சாலும் வருஷத்துக்கு நாலாயிரத்துக்கு மேல கையில நிக்கும். அவங்க எதையும் கூடுதலா வாங்கல, வழக்கமான வீட்டுச் செலவுதான்.

அந்தக் குடும்பத்துக்கு நல்ல கார்டு, மலை மேல வேலை பார்க்கிற தம்பிக்கு நஷ்டக் கார்டு. யூடியூப்ல "பெஸ்ட் கார்டு" பட்டியல் பார்க்கும்போது, என் வீடியோ உட்பட, இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

தம்பிக்கு என்ன மாற்று?

லாபமா நஷ்டமான்னு பார்க்கும்போது பூஜ்யத்தோட மட்டும் ஒப்பிடக் கூடாது. கட்டணமே இல்லாத ஒரு கார்டோட ஒப்பிடணும். உதாரணத்துக்கு அமேசான் பே ஐ.சி.ஐ.சி.ஐ. கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் இல்லை. அமேசான்ல பிரைம் உறுப்பினர் இல்லாதவங்களுக்கு 3 சதவீதம், மத்த பெரும்பாலான செலவுக்கு 1 சதவீதம் திரும்ப வரும். பெட்ரோலுக்குக் கிடையாது. வர்றது அமேசான் பே பேலன்ஸா வரும், வங்கிக் கணக்குக்கு வராது. ஆனா ஒரு ரூபாய்னா ஒரு ரூபாய், வகுக்க வேண்டியதில்லை.

தம்பியோட அதே செலவைப் போடுவோம். சூப்பர் மார்க்கெட், ஹோட்டல், சினிமா 5,500க்கு 55 ரூபாய். ஆன்லைன் 4,000ல 2,500 அமேசான், அதுக்கு 75 ரூபாய். மீதி 1,500க்கு 15 ரூபாய். மாசம் 145, வருஷத்துக்கு 1,740. கட்டணம் பூஜ்யம்.

ஒரு பக்கம் கூட்டல் 1,740. இன்னொரு பக்கம் கழித்தல் 1,766. வித்தியாசம் 3,506 ரூபாய். ஒரே செலவு, ஒரே ஆள். இந்தக் கார்டைத்தான் வாங்கணும்னு நான் சொல்லல. கட்டணமில்லாத எந்தக் கார்டையும் எடுத்து இதே மாதிரி பக்கத்துல வெச்சுப் பாருங்க.

"கீழ ஸ்கேன் பண்ற 6,000 இருக்கே அண்ணா, அதுக்கு ஒண்ணும் கிடையாதா?" ஒரு வழி இருக்கு. 2022ல இருந்து ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ. ஆப்புல இணைச்சு, கடை கியூஆரை ஸ்கேன் பண்ணிக் கட்டலாம். ஆனா அந்தக் கியூஆர் வியாபாரக் கணக்கா பதிவாகியிருக்கணும். தனிநபர் கணக்குக்குக் கிரெடிட் கார்டுல இருந்து போகாது. நாங்க குடிச்ச டீக்குக் காசு கொடுக்கும்போது பார்த்தோம், அந்த அட்டை கடைக்காரரோட சொந்தக் கணக்கு. மலையில நிறைய சின்னக் கடை அப்படித்தான். அதோட யு.பி.ஐ. வழியா போற செலவுக்குப் பாயிண்ட்டைக் குறைச்சோ நிறுத்தியோ வெச்சிருக்கிற கார்டுகளும் இருக்கு. அதனால இதை நம்பிக் கட்டணக் கார்டு எடுக்காதீங்க.

ஒரே ஒரு மாசம் தவறினா?

மேல போட்ட கணக்கு எல்லாமே முழு பில்லையும் தேதிக்குள்ள கட்டுறவருக்கு. மினிமம் டியூ மட்டும் கட்டினா கணக்கே தலைகீழ்.

இந்த மாதிரி கார்டுகள்ல வட்டி மாசம் 3.75 சதவீதம் வரைக்கும் போகும், வருஷத்துக்கு 45 சதவீதம். தேசிய நுகர்வோர் ஆணையம் 2008ல 30 சதவீதத்துக்கு மேல வாங்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தது. அதை 2024 டிசம்பர் 20ல உச்ச நீதிமன்றம் ரத்து பண்ணிடுச்சு. அதனால அந்த உச்சவரம்பு நம்மைக் காப்பாத்தும்னு நெனைக்க வேண்டாம்.

தம்பியோட 12,500 ரூபாய் பில் ஒரு மாசம் நின்னுதுன்னா வட்டி சுமார் 469. கிரெடிட் கார்டு வட்டிக்கும் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, அது 84. ரெண்டும் சேர்த்து 553. வாங்கின நாள்ல இருந்தே வட்டி ஓடும்கிறதால நிஜத்துல இன்னும் கூடும். அந்த மாசம் அவர் சம்பாதிச்ச பாயிண்ட் மதிப்பு 157 ரூபாய். ஒரு மாசச் சறுக்கல், மூன்றரை மாசப் பாயிண்ட்டை முழுங்கிடும். மலையில சிக்னல் போய் வர்ற ஊர்ல இருக்கிறவங்க கடைசி நாள் ஆப்பைத் திறந்து கட்டிக்கலாம்னு இருக்காதீங்க. முழுத் தொகைக்கும் ஆட்டோ டெபிட் போட்டு வெச்சிடுங்க.

தம்பி என்ன பண்ணினார்?

நாலு வேலை, இந்த வரிசையில. முதல்ல, 15,120 பாயிண்ட்டையும் ஒரே தடவையில பில்லுல கழிக்கச் சொல்லி ரிடீம் பண்ணினார். கார்டை மூடின பிறகு பாயிண்ட்டைக் கேட்க முடியாது, அதனால இது முதல்ல. ரெண்டாவது, கஸ்டமர் கேருக்கு போன் பண்ணி மூணாவது வருஷக் கட்டணத்தைத் தள்ளுபடி பண்ண முடியுமா, இல்லைன்னா கட்டணமில்லாத கார்டா மாத்தித் தர முடியுமான்னு கேட்டார். கேட்கிறதுல தப்பில்லை, சில பேருக்குக் கிடைக்கும். இவருக்குக் கிடைக்கல. மூணாவது, பாக்கியை முழுசா கட்டினார். நாலாவது, புதுப்பிக்கிற தேதிக்கு முன்னாடியே மூடச் சொல்லி எழுத்துல கோரிக்கை கொடுத்தார்.

மூடுறதுக்கு அலைய வேண்டியிருக்கும்னு பயப்படாதீங்க. ரிசர்வ் வங்கியோட விதிப்படி, பாக்கி எதுவும் இல்லைன்னா கோரிக்கை கொடுத்த 7 வேலை நாளுக்குள்ள கார்டை மூடணும். தாமதம் ஆனா ஒரு நாளைக்கு 500 ரூபாய் வீதம் உங்களுக்குக் கொடுக்கணும். கோரிக்கை எண்ணையும் தேதியையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க.

இப்ப உங்க முறை. கடைசி 12 மாச ஸ்டேட்மென்ட்டை எடுங்க. மூணே எண் போதும்: வருஷத்துல ஏறின பாயிண்ட், நீங்க எடுக்கப் போற வழியில ஒரு பாயிண்ட்டோட பைசா மதிப்பு, ஜி.எஸ்.டி.யோட சேர்ந்த கட்டணம். கணக்கு இதுதான்:

நிகர லாபம் = (பாயிண்ட் × மதிப்பு) − ரிடீம் கட்டணம் − ஆண்டுக் கட்டணம்

கார்டு கம்பெனிகள் பாயிண்ட் விதிகளை அடிக்கடி மாத்துவாங்க. நான் சொன்ன விகிதங்களை அப்படியே எடுத்துக்காம, உங்க கார்டோட இன்னைக்குள்ள விதியைப் பார்த்துப் போடுங்க. வர்ற விடை, கட்டணமில்லாத கார்டு தரும் தொகையை விடக் குறைவா இருந்தா, அடுத்த புதுப்பிப்புத் தேதியை காலண்டர்ல குறிச்சு, அதுக்கு ஒரு மாசம் முன்னாடி ஒரு அலாரம் வெச்சுடுங்க.

தம்பி போன வாரம் மெசேஜ் அனுப்பியிருந்தார். கோவா பிளான் கேன்சல் ஆகலையாம். ஆர்.டி. முடிஞ்ச பிறகு அந்தப் பணத்துல போறாராம்.